பாஸ்வேர்டைப் பிழையில்லாமல் அடிப்பது எப்படி: கண் பொத்தான், கேப்ஸ் லாக், ஆட்டோஃபில் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பாஸ்வேர்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சரியாகத்தான் அடிக்கிறேன். ஆனாலும் தவறு என்றே வருகிறது. ஏன்?

பெரும்பாலும் ஞாபகம் சரியாகத்தான் இருக்கும், விரல் அடித்தது வேறாக இருக்கும். திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. அதனால் அதே தவறை மூன்று முறை செய்துவிட்டு, கடைசியில் பாஸ்வேர்டையே மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இதை ஆராய்ச்சியாளர்கள் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். டிராப்பாக்ஸ் தளத்தில் உள்நுழைபவர்களின் தவறுகளைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எளிதாகத் திருத்தக்கூடிய மூன்று பிழைகளைத் தனியாகக் குறிப்பிட்டது. கேப்ஸ் லாக் போட்டபடியே முழுவதையும் அடித்துவிடுவது முதலாவது. முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக மாறிவிடுவது இரண்டாவது. கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்துவிடுவது மூன்றாவது. மூன்றுமே கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் பிழைகள்.

ஆகவே முதல் முறை தவறு என்று வந்ததும் மறுபடி வேகமாக அடிக்காதீர்கள். கட்டத்தில் இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு, கட்டத்தின் ஓரத்தில் கண் படத்தோடு இருக்கும் பொத்தானை அழுத்தி, எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். பல வங்கித் தளங்களில் சில முறை தவறினாலே கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டுவிடும். இரண்டாவது முயற்சியைப் பார்த்து அடிப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கண் படத்தை அழுத்தினால் பாஸ்வேர்டு வேறு யாருக்காவது போய்விடுமா?

கண் பொத்தான் செய்வது ஒரே வேலைதான். பாஸ்வேர்டு கட்டமாக இருந்ததைச் சாதாரண எழுத்துக் கட்டமாக மாற்றிக் காட்டுகிறது. பாஸ்வேர்டு அதற்கு முன்பே உங்கள் கணினியில் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புள்ளிகளுக்குப் பதிலாகப் பாஸ்வேர்டைக் காட்டும் வசதியைத் தளங்கள் தர வேண்டும் என்றே சொல்கிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, திரையை வேறு யார் பார்க்கிறார்கள் என்பது. பக்கத்தில் நிற்பவரை எல்லோரும் கவனிப்போம். ஜூம் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்திருப்பதையும், வகுப்பறை புரொஜெக்டரோடு லேப்டாப் இணைந்திருப்பதையும்தான் மறந்துவிடுவோம்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. கட்டம் சாதாரண எழுத்துக் கட்டமாக மாறிவிட்டால், உலாவியின் எழுத்துப்பிழை திருத்தி அதையும் படிக்க முடியும். குரோமில் Enhanced spell check என்ற வசதியும், எட்ஜில் மைக்ரோசாஃப்ட் எடிட்டரும் நாம் அடிப்பதைச் சோதிப்பதற்காக அந்த நிறுவனங்களின் சர்வருக்கு அனுப்புபவை. கண் பொத்தானை அழுத்திய பிறகு சில தளங்களில் பாஸ்வேர்டும் இந்த வழியாகப் போனது 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது. குரோமில் இந்த மேம்பட்ட சோதனையை நாமே போட்டால்தான் வேலை செய்யும். போட்டிருந்தால் அமைப்புகளில் Basic spell check என்று மாற்றிவிடுங்கள். அது உங்கள் கணினிக்குள்ளேயே சோதிக்கும், வெளியே அனுப்பாது.

முதலில் இருந்த கண் பொத்தான் திடீரென்று காணாமல் போய்விடுகிறதே?

எட்ஜ் உலாவியில் அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. சில தளங்கள் தாங்களே கண் பொத்தானைத் தருகின்றன. தராத தளங்களில் எட்ஜ் தன்னுடைய கண்ணைக் காட்டும். நீங்கள் அடிக்கும்போது மட்டும் அது இருக்கும். கட்டத்தைவிட்டு வெளியே கிளிக் செய்துவிட்டு மறுபடி வந்தால் இருக்காது. உலாவி தானாக நிரப்பிய பாஸ்வேர்டுக்கும் வராது. நீங்கள் எழுந்து போன நேரத்தில் வேறொருவர் வந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தால் கண் திரும்ப வரும்.

விண்டோஸ் உள்நுழைவுத் திரையிலும் முதல் எழுத்தை அடித்த பிறகுதான் கண் தோன்றும். அங்கே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் எழுத்துகள் தெரியும், விட்டால் புள்ளிகளாகிவிடும்.

கண்ணே இல்லாத இடங்களுக்கு நோட்பேடு உதவும். அதில் அடித்துப் பார்த்து, காப்பி செய்து, பாஸ்வேர்டு கட்டத்தில் ஒட்டலாம். ஆனால் விண்டோஸ் 11இல் உள்ள புதிய நோட்பேடு, சேமிக்காமல் மூடினாலும் அடுத்த முறை திறக்கும்போது பழைய எழுத்துகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் எழுத்துகளை அழித்துவிட்டு மூடுங்கள். விண்டோஸ் பொத்தானையும் V எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் காப்பி வரலாற்றைப் பயன்படுத்துபவர்கள், அங்கேயும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.

பார்த்தாலும் பூஜ்யமா, ஓவா என்று தெரியவில்லையே?

O எழுத்தும் 0 எண்ணும், சிறிய l, பெரிய I, எண் 1 ஆகியவையும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருக்கும். இதற்கும் நோட்பேடுதான் கைகொடுக்கிறது. அதில் வழக்கமாக வரும் கன்சோலாஸ் எழுத்துருவில் பூஜ்யத்தின் நடுவே ஒரு கோடு ஓடும், O எழுத்தில் ஓடாது. பாஸ்வேர்டைத் தந்தவர் அச்சிட்ட தாளாகவோ படமாகவோ தந்திருந்தால் இந்தச் சோதனை செய்ய முடியாது. அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கேப்ஸ் லாக் போட்டிருந்தால் எச்சரிக்கை வரும் என்கிறார்கள். எனக்கு வந்ததே இல்லை.

எல்லா இடத்திலும் வராது. விண்டோஸ் உள்நுழைவுத் திரையில் Caps Lock is on என்று வரும். மேக் கணினிகளில் பாஸ்வேர்டு கட்டத்துக்குள்ளேயே மேல்நோக்கிய அம்புக்குறி தெரியும். இணையதளங்களில் மட்டும் அந்தத் தளத்தை உருவாக்கியவர் அதற்கென்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைத்திருந்தாலும், பக்கம் திறந்த உடனே உங்கள் கேப்ஸ் லாக் நிலை அதற்குத் தெரியாது. நீங்கள் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டும்போதுதான் உலாவி அந்தத் தகவலைத் தரும். அதனால் எச்சரிக்கை முதல் எழுத்துக்குப் பிறகே வரும். கீபோர்டைப் பார்த்தபடி அடித்து முடித்துவிட்டு எண்டர் தட்டுபவர் அதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை.

கேப்ஸ் லாக் எழுத்துகளை மட்டுமே மாற்றும், எண்களையும் குறிகளையும் தொடாது. Kaveri@72 என்று அடிக்க நினைத்து கேப்ஸ் லாக் போட்டிருந்தால், விண்டோஸில் kAVERI@72 என்று விழும். முதல் எழுத்துக்கு ஷிஃப்ட் அழுத்தியதால் அது சிறிய எழுத்தாகிவிட்டது. மேக்கில் அதே விரல் அசைவுக்கு KAVERI@72 என்று வரும், ஏனென்றால் அங்கே கேப்ஸ் லாக்கோடு ஷிஃப்ட் சேர்ந்தாலும் பெரிய எழுத்துதான். இரண்டு கணினிகளையும் பயன்படுத்துபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால், கண் பொத்தானை அழுத்தியதும் பிழை எங்கே என்று உடனே பிடிபடும்.

இன்னொரு சிக்கலும் நடக்கிறது. கணக்கைத் தொடங்கும்போதே கேப்ஸ் லாக் போட்டிருந்தால்? பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்பார்கள், இரண்டு முறையும் நாம் அதே தவறோடு அடிப்போம், இரண்டும் பொருந்திவிடும். மறுநாள் சரியாக அடித்தால் தவறு என்று வரும். புதுக் கணக்கு மறுநாளே திறக்க மறுத்தால், ஒரு முறை கேப்ஸ் லாக்கைப் போட்டு அதேபோல் அடித்துப் பாருங்கள். புதிய பாஸ்வேர்டு வைக்கும்போது கண் பொத்தானை அழுத்தியே வைத்தால் இந்தத் தொல்லை வராது.

இணையத்தில் எடுத்த ஆதார் பிடிஎஃப் திறக்கவில்லை. பெயரும் பிறந்த வருடமும்தானே போட வேண்டும்?

ஆமாம், பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அப்புறம் பிறந்த வருடம் நான்கு இலக்கத்தில். SURESH KUMAR, 1990 என்றால் SURE1990. இது நாமே உருவாக்கிய பாஸ்வேர்டு இல்லை, விதிப்படி வருவது. அதனால் ஞாபகப் பிழைக்கு இங்கே இடமில்லை, அடிக்கும் பிழையும் கணக்கிடும் பிழையும்தான் இருக்க முடியும்.

நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் குழப்பும். ஆதாரில் P. KUMAR என்று இருந்தால், புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். பாஸ்வேர்டு P.KU1990 ஆகும். இடைவெளி கணக்கில் வராது, SAI KUMAR என்ற பெயருக்கு SAIK1990. RIA என்று மூன்றே எழுத்துள்ள பெயருக்கு RIA1990. இவை ஆதார் ஆணையம் தரும் எடுத்துக்காட்டுகள்.

ஒருவர் பெயர் முருகன், இனிஷியல் எஸ், பிறந்த வருடம் 1985 என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் MURU1985 என்று போடுகிறார், திறக்கவில்லை. ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் S. Murugan என்று இருக்கிறது. அப்படியானால் S.MU1985 வர வேண்டும். போனில் அதை அடிக்கிறார், மறுபடியும் திறக்கவில்லை. பிடிஎஃப் செயலியின் பாஸ்வேர்டு கட்டத்தில் கண் பொத்தான் இல்லை, என்ன விழுந்தது என்று தெரியவில்லை. குறிப்பெழுதும் செயலியைத் திறந்து அதே வேகத்தில் அடித்துப் பார்க்கிறார். S.Mu1985 என்று வருகிறது. ஷிஃப்டை ஒரு முறை தட்டினால் போனில் ஓர் எழுத்துதான் பெரிதாகும், M எழுத்தோடு அது முடிந்துவிட்டது. ஷிஃப்டை இரண்டு முறை வேகமாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். அப்படி அடித்து, S.MU1985 என்று கண்ணால் பார்த்து, காப்பி செய்து ஒட்டினார், திறந்துவிட்டது.

அட்டையில் Murugan S என்று இருந்திருந்தால் முதலில் போட்டதே சரி. ஆகவே பள்ளிச் சான்றிதழைப் பார்க்காமல் ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும். லேப்டாப்பில் வலப்பக்க எண் பொத்தான்களைப் பயன்படுத்துபவர்கள் Num Lock போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் வருடம் விழவே விழாது.

போனில் மட்டும் அடிக்கடி தவறுகிறது. கணினியில் சரியாக இருக்கிறது.

புள்ளிகளாக இருக்கும் கட்டத்தில் போன் கீபோர்டு வழக்கமாக அடக்கமாக நடந்துகொள்ளும். முதல் எழுத்தைப் பெரிதாக்காது, சொல்லைத் திருத்தாது. ஆனால் கண்ணைத் திறந்துவிட்டு அடிக்கத் தொடங்கினால் சில தளங்களில் அது சாதாரணக் கட்டம்போல ஆகி, முதல் எழுத்து தானாகப் பெரிதாகிவிடும். அதனால் போனில் அடித்து முடித்துவிட்டுக் கண்ணைத் திறப்பது நல்லது. முதலிலேயே திறந்துவைத்தால் முதல் எழுத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை பாஸ்வேர்டில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மேலே உள்ள பயனர் பெயர் கட்டத்தையும் பாருங்கள். கீபோர்டு தரும் பரிந்துரையைத் தட்டி மின்னஞ்சல் முகவரியைப் போட்டால், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். சில தளங்கள் அதைத் தாங்களே நீக்கிவிடும், சில நீக்காது. கர்சரைக் கடைசியில் வைத்து ஒரு முறை பின்னோக்கி அழித்தால், இடைவெளி இருந்ததா என்று தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் Show passwords என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் புள்ளியாக மாறும் முன் ஒரு கணம் தெரியும். அமைப்புகளின் தேடல் கட்டத்தில் passwords என்று தேடினால் கிடைக்கும். நீளமான பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல துணை.

தமிழ் கீபோர்டு போட்டிருக்கிறேன். அதனால் பிரச்சினை வருமா?

வரும், அதுவும் சத்தமில்லாமல் வரும். சில தட்டச்சு மென்பொருள்கள் பாஸ்வேர்டு கட்டத்துக்கு வந்ததும் தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடும், சில மாறாது. மாறாவிட்டால் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தமிழ் எழுத்தாக உள்ளே போகும், திரையில் வழக்கம்போல் புள்ளிகள் தெரியும். கண்ணைத் திறந்தால்தான் உண்மை தெரியும். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினால் அடுத்த கீபோர்டுக்கு மாறலாம்.

ஆங்கிலக் கீபோர்டிலேயே இரண்டு வகை இருப்பதும் தெரிந்திருக்கட்டும். இங்கிலாந்தில் வாங்கிய லேப்டாப்பில் ஷிஃப்டோடு 2 அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறி வரும், @ குறி வேறு பொத்தானில் இருக்கும். லண்டனில் இருக்கும் பிள்ளை அனுப்பிய லேப்டாப்பில் அம்மாவின் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது @ குறியைத்தான்.

ஆட்டோஃபில் நம்பகமானதா, கையால் அடிப்பதா? எது நல்லது?

தினமும் நுழையும் தளங்களுக்கு, சேமித்த பாஸ்வேர்டை உலாவியே நிரப்பித் தரும் ஆட்டோஃபில்தான் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு விரல் தவறாது, கேப்ஸ் லாக் பாதிக்காது, தமிழ் கீபோர்டும் பாதிக்காது. இவற்றைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டு எந்த முகவரியில் சேமிக்கப்பட்டதோ அந்த முகவரியில் மட்டுமே அது நிரப்ப முன்வரும். வங்கியின் பக்கம்போலவே செய்த போலிப் பக்கத்தைப் பார்த்து நம் கண் ஏமாறலாம், ஆட்டோஃபில் ஏமாறாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் ஒரு நாள் காலியாக நின்றால், உடனே கையால் அடித்துவிடாதீர்கள். முகவரிப் பட்டியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நல்ல தளமே முகவரியை மாற்றியிருக்கலாம், அதுவும் நடப்பதுதான். ஆனால் பார்த்துவிட்டு அடியுங்கள்.

ஆட்டோஃபில் செய்யும் தவறு வேறு வகை. பழைய பாஸ்வேர்டை விடாமல் வைத்திருக்கும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியபோது உலாவி புதியதைச் சேமிக்கவா என்று கேட்டிருக்கும், அவசரத்தில் மூடியிருப்பீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பழையதையே நிரப்பி, ஒவ்வொரு முறையும் தோற்கும். அதே தளத்தில் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டு கணக்குகள் இருந்தால், ஒருவர் பெயரோடு இன்னொருவர் பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கவும் கூடும்.

சரிபார்க்க, சேமித்த பட்டியலையே திறந்து பாருங்கள். முகவரிப் பட்டியில் குரோமில் முதல் வரியையும் பயர்பாக்ஸில் இரண்டாவது வரியையும் அடியுங்கள்:

```
chrome://password-manager/passwords
about:logins
```

குரோம் பாஸ்வேர்டைக் காட்டும் முன் கணினியின் பின் எண்ணையோ கைரேகையையோ கேட்கலாம். பட்டியலில் இருப்பது பழையது என்றால் அங்கேயே திருத்திவிடலாம்.

கையால் திருத்தும்போது ஒரு விஷயம். ஆட்டோஃபில் நிரப்பிய புள்ளிகளின் நடுவே கிளிக் செய்து அடிக்கத் தொடங்கினால், பழையதும் புதியதும் கலந்துவிடும். கட்டத்துக்குள் கண்ட்ரோல், A இரண்டையும் சேர்த்து அழுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடியுங்கள்.

பிரவுசிங் சென்டர், அலுவலகப் பொதுக் கணினி போன்ற இடங்களில் கையால்தான் அடிக்க வேண்டும். அங்கே சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாஸ்வேர்டை அப்படியே பார்த்துத்தான் அடித்தேன். ஏன் தவறு?

வாட்ஸ்அப் சில குறிகளை அலங்காரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கி, நட்சத்திரங்களை மறைத்துவிடும். அடிக்கோடுகளுக்கு நடுவில் இருப்பது சாய்ந்த எழுத்தாகும். அனுப்பியவர் \*Madurai9\* என்று அனுப்பியிருந்தால், உங்கள் திரையில் தடித்த எழுத்தில் Madurai9 மட்டும் தெரியும். பாஸ்வேர்டின் ஒரு பகுதி தடித்தோ சாய்ந்தோ தெரிந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத குறிகள் இருக்கின்றன என்று அர்த்தம். அனுப்பியவரிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு அடியுங்கள், கையோடு அந்தச் செய்தியை இருவரும் அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அலுவலகக் கணக்கு தானாகவே பூட்டிக்கொள்கிறது. நான் தவறாக எதுவும் அடிக்கவே இல்லை.

நீங்கள் அடிக்கவில்லை, உங்களுக்குப் பதிலாக இன்னொரு கருவி பழைய பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டிருக்கிறது. போனில் உள்ள மெயில் செயலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய கடிதம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் தன்னிடம் சேமித்த பழையதைக் கொடுக்கும். வைஃபைக்கும் அதே பாஸ்வேர்டு என்றால், அதுவும் அப்படியே. சர்வர் இவற்றைத் தவறான முயற்சிகளாக எண்ணிப் பூட்டிவிடும். திறந்துவிட்டாலும் சற்று நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் போனையும் வீட்டு டேப்லெட்டையும் விமானப் பயன்முறையில் போடுங்கள். கணினியில் மாற்றி, கண்ணைத் திறந்து சரிபார்த்து, உலாவியில் புதியதைச் சேமித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கருவியாக எடுத்து, வைஃபை அமைப்பில் புதியதைப் போட்டுவிட்டு இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள். மெயில் செயலி உடனே பாஸ்வேர்டைக் கேட்கும், அங்கே புதியதைக் கொடுங்கள். கணக்கு ஏற்கெனவே பூட்டியிருந்தால், திறந்துவிடச் சொல்லிக் கேட்பதற்கு முன்பே கருவிகளை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.